கூலிங் பேடா, வெறும் ஸ்டாண்டா?

என் லேப்டாப்புக்கு ஐந்து வயது. வீடியோ எக்ஸ்போர்ட் போட்டால் ஃபேன் இரைய ஆரம்பித்துவிடும். போன ஏப்ரலில் இரண்டு ஃபேன் வைத்த கூலிங் பேட் ஒன்று வாங்கினேன். மூன்று மாதம் பயன்படுத்திவிட்டு, இப்போது வெறும் ஸ்டாண்டுக்கு மாறியிருக்கிறேன்.

பேட் சூட்டைக் குறைக்கவில்லை என்று சொல்ல மாட்டேன். ஒரே அறையில் ஒரே வீடியோவைத் திரும்பத் திரும்ப எக்ஸ்போர்ட் போட்டு, சூட்டைக் காட்டும் HWiNFO என்ற மென்பொருளில் பார்த்தேன். மேசையில் அப்படியே வைத்தால் ப்ராசஸர் 92 டிகிரி. பேட் மேல் வைத்து அதன் ஃபேனையும் ஓடவிட்டால் 84. நல்ல வித்தியாசம்தானே என்று நினைத்தேன். அப்புறம் பேடின் யூஎஸ்பி வயரைக் கழற்றிவிட்டு ஓட்டினேன்: 86. அதாவது குறைந்த எட்டு டிகிரியில் ஆறு, லேப்டாப்பைத் தூக்கி வைத்ததாலேயே குறைந்தது. ஸ்டாண்டிலும் அதே 86தான்.

காரணம் அடிப்பக்கத்தில் இருக்கிறது. என் லேப்டாப் காற்றை அடியில் உள்ள துளைகள் வழியாக இழுக்கிறது. ரப்பர் கால்கள் தரும் இடைவெளியோ சில மில்லிமீட்டர்தான். அந்த இடைவெளியைக் கூட்டினால் உள்ளே இருக்கும் ஃபேனே தேவையான காற்றை இழுத்துக்கொள்ளும். பேடின் ஃபேன்கள் யூஎஸ்பி தரும் சின்ன மின்சாரத்தில் சுற்றுபவை. அவை தள்ளும் காற்றில் பெரும்பகுதி துளையே இல்லாத பிளாஸ்டிக்கில் மோதிச் சிதறுகிறது. வாங்குமுன் லேப்டாப்பைத் திருப்பி, துளைகள் பேட் ஃபேனுக்கு நேராக வருகின்றனவா என்று பாருங்கள். அடியில் துளையே இல்லாத மாடல் என்றால் கைக்குக் குளிர்ச்சியாகத் தெரியும், சிப்புக்குப் பெரிதாக எதுவும் நடக்காது.

ஒன்று கவனிக்க வேண்டும். ப்ராசஸர் ஏற்கெனவே தன் உச்ச வரம்பில் முட்டி வேகத்தைக் குறைத்துக்கொண்டிருந்தால், நன்றாகக் குளிர்வித்தாலும் டிகிரி இறங்காமல் இருக்கலாம். கிளாக் வேகம்தான் ஏறும். அதனால் இரண்டு எண்ணையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

சுற்றிலும் ஸ்பாஞ்ச் ஒட்டி, காற்றை உள்ளே அழுத்தி அனுப்பும் பேட்கள் வேறு ரகம். நண்பருடையதை ஒரு மாலை மட்டும் வைத்துப் பார்த்தேன். நிச்சயம் கூடுதலாகக் குளிர்ந்தது, சத்தமும் அதற்கேற்ப இருந்தது. அதற்கு மேல் சொல்லுமளவுக்கு நான் பழகவில்லை.

பேடைவிட அதிகம் உதவியது சுத்தம் செய்ததுதான். பின்மூடியைக் கழற்றினால், ஃபேனுக்கும் ஹீட்சிங்க் தகடுகளுக்கும் நடுவே தூசி கம்பளி மாதிரி படிந்திருந்தது. ஃபேன் இறக்கை சுற்றாமல் விரலால் பிடித்துக்கொண்டு காற்றடித்து எடுத்தேன். அதே ஸ்டாண்டில் 86 என்பது 78 ஆனது.

இன்னும் இறக்க வேண்டுமானால் விண்டோஸ் பவர் அமைப்பில் Maximum processor state என்பதை 99% ஆக்கலாம். டர்போ வேகம் நின்றுவிடும். எனக்கு 66 டிகிரிக்கு வந்தது, ஆனால் 20 நிமிட எக்ஸ்போர்ட் 27 நிமிடம் எடுத்தது. மதிய வேளையில் மட்டும் அப்படி வைத்துக்கொள்கிறேன்.