‘அட்வான்ஸ்டு எக்செல்’ போதுமா, பிவட், லுக்கப், மேக்ரோ என்று பிரித்து எழுதணுமா?

புதுச்சேரியில் சேதராப்பட்டு, மேட்டுப்பாளையம் பக்கத்துக் கம்பெனிகளுக்கும் கடலூர் சிப்காட்டுக்கும் அக்கவுண்ட்ஸ் வேலைக்கு வரும் ரெஸ்யூம்களில் பாதிக்கு மேல் ‘எம்.எஸ். ஆபீஸ், டேலி, அட்வான்ஸ்டு எக்செல்’ என்ற ஒரே வரிதான் இருக்கும். நான் வேலை மாறியபோது அந்த வரியை எடுத்துவிட்டு, எனக்குத் தெரிந்ததைத் தனித்தனியாக எழுதினேன். இப்போது எங்கள் ஆபீசில் புதிதாக ஆள் எடுக்கும்போது டெஸ்ட் வைப்பவர்களில் நானும் ஒருவன். அதனால் பிரித்து எழுதுவதன் பக்கம்தான் நிற்கிறேன்.

அட்வான்ஸ்டு எக்செல் என்று எழுதுவதில் ஒரு நன்மை உண்டு. வேலை விளம்பரங்களிலேயே அந்தச் சொல்தான் வருகிறது, வேலை தேடும் தளங்களில் தேடுபவர்களும் அதைத்தான் தட்டுகிறார்கள். ஆனால் அதைப் படிப்பவருக்கு என்ன கேள்வி கேட்பதென்று தெரியாது. ஒருவருக்கு அது செல்லுக்குக் கலர் போடுவது, இன்னொருவருக்கு விபிஏவில் புரோகிராம் எழுதுவது. இன்டர்வியூவில் கேள்வி எங்கிருந்து வேண்டுமானாலும் வரலாம். ‘ஜிஎஸ்டிஆர் 2பி-யைக் கொள்முதல் பதிவேட்டோடு பிவட், VLOOKUP போட்டு ஒப்பிடுவேன்’ என்று எழுதினால் கேள்வி அங்கேதான் வரும். பத்து நிமிடத்தில் செய்தும் காட்டிவிடலாம். எனக்கு இதுதான் தீர்மானமான காரணம்: சோதித்துப் பார்க்கக்கூடிய வரியா, இல்லையா?

எங்கள் டெஸ்டே அதுதான். லேப்டாப்பில் இரண்டு ஷீட் இருக்கும். ஒன்று போர்ட்டலில் இறக்கிய 2பி, இன்னொன்று நம் கொள்முதல் பதிவேடு. “இதுல எந்த பில் சேரலன்னு பாத்துச் சொல்லுங்க தம்பி” என்று மேனேஜர் சொல்வார். வெறும் பில் எண்ணை வைத்து VLOOKUP போடுபவர் அங்கேயே மாட்டிக்கொள்வார். 125 என்ற பில் எண் கடலூர் சப்ளையரிடமும் இருக்கும், வில்லியனூர் சப்ளையரிடமும் இருக்கும். VLOOKUP முதலில் கண்டதை எடுத்துக்கொண்டு வந்துவிடும். பிழை எதுவும் காட்டாது.

வேலை தெரிந்தவர் முதலில் இரண்டு ஷீட்டிலும் ஒரு சாவி நெடுவரிசை செய்வார். A-வில் சாவி, B-யில் ஜிஎஸ்டி எண், C-யில் பில் எண் என்று வைத்துக்கொண்டால்:

```
=TRIM(B2)&"|"&TRIM(C2)
```

TRIM இருப்பதால் பில் எண்ணுக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் வெற்றிடம் போய்விடும். ஒரு ஷீட்டில் 125 எண்ணாகவும் இன்னொன்றில் எழுத்தாகவும் இருந்தால், அந்தச் சிக்கலும் இதிலேயே தீரும். ஆனால் ஒரு பக்கம் 0125, மறுபக்கம் 125 என்று இருந்தால் தீராது. அதைக் கண்ணால்தான் பிடிக்க வேண்டும்.

அடுத்ததுதான் பலரும் விடும் இடம். ஒரே பில்லில் இரண்டு ஜிஎஸ்டி விகிதம் இருக்கலாம். 10,000 ரூபாய் சரக்குக்கு 18 சதவீதம் என்றால் 1,800. அதே பில்லில் 4,000 ரூபாய் சரக்குக்கு 5 சதவீதம் என்றால் 200. பதிவேட்டில் இது இரண்டு வரியாக இருக்கும். எதிர்ப்பக்கம் மொத்தமாக 2,000 என்று இருந்தால், 1,800-ம் சேராது, 200-ம் சேராது. ஒழுங்கான பில் தவறான பில் போலத் தெரியும். அதனால் லுக்கப்புக்கு முன்னால் இரண்டு பக்கமும் சாவியை வைத்து பிவட் போட்டு, ஒரு பில்லுக்கு ஒரு வரி என்று ஆக்க வேண்டும். அந்த இரண்டு பிவட்டையும் வேல்யூவாக இரண்டு புது ஷீட்டில் ஒட்டி, 2பி ஷீட்டுக்கு 2B_pivot என்று பெயர் வைத்து, பதிவேட்டுப் பக்கத்தில் இதைப் போட வேண்டும்:

```
=VLOOKUP(A2,'2B_pivot'!A:B,2,FALSE)
```

கடைசி FALSE-ஐ விட்டால் எக்செல் கிட்டத்தட்டப் பொருந்துவதைத் தேடும். #N/A வர வேண்டிய இடத்தில் ஏதோ ஒரு தொகை வந்து நிற்கும், பார்க்கச் சரியாகவே தெரியும். FALSE-ஐச் சரியாகப் போட்டும் எல்லா வரியிலும் #N/A வந்தால் பில்களில் குற்றமில்லை, சாவியில்தான் குற்றம். இரண்டு பக்கத்துச் சாவிக்கும் LEN போட்டுப் பார்த்தால் நீளம் வேறுபடுவது தெரியும். அப்புறம், இதே சூத்திரத்தை மறுபக்கத்திலிருந்தும் போட வேண்டும். 2பி-யில் இருந்தும் நம் பதிவேட்டில் இல்லாத பில் இந்தப் பக்கத் தேடலில் வரவே வராது.

இவ்வளவையும் செய்பவருக்கு அட்வான்ஸ்டு எக்செல் தெரியுமா என்று நான் கேட்கப்போவதில்லை. லுக்கப்பில் எதை எழுதுவது என்றால், இந்த ஊர் ஆபீசுகளுக்கு VLOOKUP-ஐயே முதலில் எழுதுங்கள். XLOOKUP நல்லதுதான், ஆனால் எக்செல் 2021-லும் அதற்குப் பிந்தைய பதிப்புகளிலும் மைக்ரோசாஃப்ட் 365-லும்தான் வேலை செய்யும். 2016, 2019 இருக்கும் கணினியில் தட்டினால் #NAME? என்று வந்து நிற்கும். INDEX, MATCH தெரிந்தால் அதையும் எழுதலாம், எல்லாப் பதிப்பிலும் ஓடும்.

பிவட்டைத் தனியாக எழுதலாமா? தாராளமாக. ஒரே ஒரு சோதனை போதும்: 2பி ஷீட்டின் மேலே இணைத்து வைத்த தலைப்பு வரிகளோடு அப்படியே பிவட் போட்டால் எக்செல் ஒத்துக்கொள்ளாது, தலைப்பை ஒரே வரியாக்க வேண்டும். தொகைக்குப் பதில் ‘Count of’ என்று வந்தால், அந்த நெடுவரிசையில் காலி செல்லோ எழுத்தாக மாறிய தொகையோ இருக்கிறது. இந்த இரண்டையும் சொல்பவர் பிவட் போட்டுப் பழகியவர்தான். புதுச்சேரி ஆபீசுக்கு இன்னொன்றும் சேர்க்கலாம். ஜிஎஸ்டி எண்ணின் முதல் இரண்டு இலக்கம் மாநிலத்தைச் சொல்லும். தமிழ்நாட்டுக்கு 33, புதுச்சேரிக்கு 34. =LEFT(B2,2) என்று ஒரு நெடுவரிசை போட்டு பிவட்டில் இழுத்தால், கடலூரிலிருந்து வாங்கிய சரக்குக்கு ஐஜிஎஸ்டி போடாமல் சிஜிஎஸ்டி, எஸ்ஜிஎஸ்டி என்று பதிந்த பில்கள் உடனே தெரியும். எல்லை இவ்வளவு பக்கத்தில் இருப்பதால் அந்தத் தவறு இங்கே அடிக்கடி நடக்கிறது.

மேக்ரோவில் என் அனுபவம் குறைவு, அதனால் அளந்தே சொல்கிறேன். ரெக்கார்டு செய்த மேக்ரோ மட்டும் தெரிந்தால் ‘மேக்ரோ ரெக்கார்டிங்’ என்றே எழுதுங்கள், ‘விபிஏ’ என்று எழுத வேண்டாம். 240 வரியில் ரெக்கார்டு செய்தது, அடுத்த மாதம் 310 வரி வந்தால் பெரும்பாலும் 240-லேயே நின்றுவிடும், மீதி 70 பில் கணக்கில் சேராது. Alt+F11 அடித்து அந்த எண்ணை எங்கே மாற்றுவது என்று காட்ட முடிந்தால் மேக்ரோவை எழுதலாம். 2022-லிருந்து இணையத்தில் இருந்து வந்த ஃபைலில் மேக்ரோவை எக்செல் தானாகவே தடுக்கிறது. மெயிலில் அனுப்பிய .xlsm ஃபைல் ஓடவில்லை என்றால் முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான். சிறிய ஆபீசில் ஆள் போன பிறகு மேக்ரோவைத் திருத்தத் தெரிந்தவர் யாரும் இருக்க மாட்டார்கள். ஆகவே எங்களைப் போன்றவர்கள் பிவட், லுக்கப்பைப் பார்க்கும் அளவுக்கு மேக்ரோவைப் பார்ப்பதில்லை. பெரிய கம்பெனியின் எம்ஐஎஸ் பிரிவில் இது வேறாக இருக்கலாம்.

ஆக, நான் எழுதச் சொல்லும் வரி இது: ‘அட்வான்ஸ்டு எக்செல்: ஜிஎஸ்டிஆர் 2பி ஒப்பீடு (பிவட், VLOOKUP, SUMIFS), மாநில வாரி கொள்முதல் அறிக்கை, மேக்ரோ ரெக்கார்டிங்’. பழைய சொல் தேடலில் மாட்டுவதற்காக முன்னால் ஒரு தடவை இருந்துவிட்டுப் போகட்டும். பின்னால் வருவதில் நீங்கள் செய்யாதது எதுவோ, அதை மட்டும் அடித்துவிட்டு அனுப்புங்கள்.