நன்றி முதலிலா, தள்ளுபடி முதலிலா? கடை ஆண்டு நிறைவுக்கு மூன்று கேப்ஷன்கள்

கடைக்கு ஐந்து வருஷம் முடிந்தால் நன்றி சொல்லி ஒரு பதிவு போட வேண்டும், கூடவே வாடிக்கையாளருக்குச் சின்னதாக ஏதாவது கொடுக்க வேண்டும். இந்த இரண்டையும் ஒரே கேப்ஷனில் வைக்கும்போது ஒன்றை ஒன்று அமுக்கிவிடுகிறது. எது எதை அமுக்குகிறது என்பதைப் பார்க்க, முறுக்கு, மிக்சர், ரிப்பன் பக்கோடா, அதிரசம் விற்கும் ஒரு சிறிய பலகாரக் கடையை எடுத்துக்கொள்வோம். அந்தக் கடைக்காக நான் எழுதிப் பார்த்த மூன்று கேப்ஷன்கள் இவை.

முதலாவது:

"🎉 5ஆம் ஆண்டு மாபெரும் கொண்டாட்டம்! எல்லாப் பலகாரங்களுக்கும் 10% தள்ளுபடி! 3 நாள் மட்டும்! முந்துங்கள்! எங்களுக்கு ஆதரவளித்த அனைத்து வாடிக்கையாளர்களுக்கும் மனமார்ந்த நன்றி."

இரண்டாவது:

"சாயங்காலக் காபிக்கு நாலு முறுக்கு, தீபாவளிக்கு ரெண்டு கிலோ அதிரசம் என்று நீங்கள் வந்துகொண்டே இருந்ததால் எங்கள் கடைக்கு இன்று 5 வயது. நன்றி. ஜூன் 12 வெள்ளி முதல் 14 ஞாயிறு வரை, கடைக்கு வந்து 300 ரூபாய்க்கும் அதற்கு மேலும் வாங்குவோருக்கு 100 கிராம் ரிப்பன் பக்கோடா எங்கள் அன்பளிப்பு. ஒரு குடும்பத்துக்கு ஒரு பாக்கெட்."

மூன்றாவது, கடை தொடங்கிய கதையைப் பத்து வரிக்குச் சொல்லிவிட்டு இப்படி முடியும்: "இந்த மூன்று நாளில் எங்களிடம் வாங்கி, இந்தப் பதிவை ஷேர் செய்து, மூன்று நண்பர்களை டேக் செய்யுங்கள். குலுக்கலில் ஒருவருக்கு ஒரு கிராம் தங்கக் காசு!"

மூன்றாவதை முதலில் ஒதுக்கிவிடலாம். தமிழ்நாட்டில் 1979ஆம் ஆண்டின் பரிசுத் திட்டங்கள் தடைச் சட்டம் இருக்கிறது. கடையில் பொருள் வாங்கியவர்களில் சிலரைக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்துப் பரிசு தருவதை அது தடுக்கிறது. பெரிய நிறுவனங்களின் பரிசு விளம்பரங்களில் 'தமிழ்நாட்டுக்குப் பொருந்தாது' என்று சின்ன எழுத்தில் பார்த்திருப்பீர்கள், காரணம் இதுதான். சட்டம் ஒருபுறம் இருக்க, தங்கள் டைம்லைனில் ஷேர் செய்தால்தான், நண்பர்களை டேக் செய்தால்தான் போட்டியில் சேரலாம் என்று நிபந்தனை வைப்பதை ஃபேஸ்புக்கின் விதிகளே அனுமதிப்பதில்லை. இரண்டையும் விட்டாலும் எனக்கு ஒரு குறை மிஞ்சும். ஐந்து வருஷமாக வருபவருக்கு நன்றி சொல்கிறோம் என்று ஆரம்பித்து, பரிசை ஒரே ஒருவருக்குக் கொடுத்தால் மற்ற எல்லாரும் வெறுங்கையோடுதான் போவார்கள்.

ஆக, உண்மையான போட்டி முதல் இரண்டுக்கும் நடுவில்தான். இங்கே கணக்குப் போட்டுத்தான் பார்க்க வேண்டும்.

நம் கடையில் 100 ரூபாய்க்கு விற்றால் மாவு, எண்ணெய், கேஸ், கூலி, பேக்கிங் எல்லாம் போக 25 ரூபாய் நிற்கிறது என்று வைப்போம். 10% தள்ளுபடி கொடுத்தால் கைக்கு வருவது 90, நிற்பது 15. கேட்கும்போது பத்து சதவீதம் சின்னதாகத்தான் இருக்கிறது, ஆனால் லாபத்தில் 40% போய்விடுகிறது. பழைய லாபத்தைத் தொட அந்த மூன்று நாளில் விற்பனை ஒன்றரை மடங்கைத் தாண்ட வேண்டும். ஆனால் பதிவைப் பார்ப்பவர்களில் பெரும்பாலோர் எப்படியும் வாங்க வரும் நம் ஆட்கள்தான்.

அன்பளிப்புக்கு வருவோம். 100 கிராம் ரிப்பன் பக்கோடா 40 ரூபாய்க்கு விற்கிறது என்றால், கடைக்கு ஆகும் செலவு 30. 300 ரூபாய் பில்லுக்கு 10% தள்ளுபடி கொடுத்தாலும் போவது அதே 30 ரூபாய்தான். கடைக்குச் செலவு சமம், வாங்குபவர் கையில் இருப்பது 40 ரூபாய்ப் பாக்கெட். வழக்கமாக 240 ரூபாய்க்கு வாங்குபவர் தள்ளுபடி எடுத்தால், நமக்கு 60 நின்ற இடத்தில் 36 நிற்கும். அவரே பாக்கெட்டுக்காக இன்னும் 60 ரூபாய்க்குச் சேவு சேர்த்துக்கொண்டால் 45 நிற்கும். கல்யாண வீட்டுக்கு 3,000 ரூபாய்க்கு ஆர்டர் வந்தால் வித்தியாசம் பெரிது: தள்ளுபடியில் 300 ரூபாய் போகும், அன்பளிப்பில் 30தான்.

பணத்தைத் தாண்டி, பாக்கெட் வீட்டுக்குப் போய்ப் பிரிக்கப்படுகிறது, 'கடைக்காரர் கொடுத்தார்' என்ற பேச்சு அங்கே வருகிறது. பில்லில் கழிந்த 30 ரூபாயைப் பற்றி யாரும் வீட்டில் பேச மாட்டார்கள். நன்றிக்குப் பொருத்தமானது கையில் கொடுக்கும் பொருள்தான் என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

தள்ளுபடி ஜெயிக்கும் இடமும் உண்டு. துணிக்கடையிலோ செருப்புக்கடையிலோ போன சீசன் சரக்கு தேங்கிக் கிடந்தால், அதைக் காசாக்க விலையைக் குறைப்பதுதான் வழி. அப்போதும் அதை 'சீசன் முடிவுத் தள்ளுபடி' என்று நேராகச் சொல்லித் தனிப் பதிவாகப் போடுவது நல்லது. நன்றியின் பின்னால் அதை ஒளிக்க வேண்டாம்.

இனி வாசகத்தைப் பார்ப்போம். இன்ஸ்டாகிராமில் ஸ்க்ரோல் செய்பவருக்குக் கேப்ஷனின் ஆரம்ப வரிகள் மட்டும்தான் தெரியும், மீதி more என்பதற்குப் பின்னால் போய்விடும். தமிழ் எழுத்து அகலமானது என்பதால் ஆங்கிலத்தைவிடக் குறைவான சொற்களே அந்த இடத்தில் அடங்கும். முதல் கேப்ஷனில் அங்கே நிற்பது 'மாபெரும் கொண்டாட்டம்', நன்றி மறைந்துபோகிறது. அதோடு, 10 சதவீதத்துக்கு 'மாபெரும்' என்று போட்டால் வருபவர் கல்லாவில் ஏமாந்த முகத்தோடு நிற்பார். இரண்டாவதில் முறுக்கும் காபியும் முதலில் வருகின்றன, படிப்பவருக்குத் தன்னைச் சொல்கிறார்கள் என்று தெரிகிறது. 'ஆதரவளித்த அனைத்து வாடிக்கையாளர்களுக்கும்' என்ற வரியை எந்தக் கடையும் போடலாம், அதிரச வரியை இந்தக் கடைதான் போட முடியும்.

ஆனால் இரண்டாவதிலும் ஒரு குறை உண்டு. 'நன்றி' என்ற சொல் வருவதற்குள் இடம் முடிந்துவிடும். அதை முன்னால் கொண்டுவர வேண்டும்.

தேதி விஷயத்தில் விட்டுக்கொடுக்கவே கூடாது. வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் 24 மணி நேரத்தில் மறைந்துவிடும், ஆனால் ஃபார்வர்ட் ஆன படம் மாதக்கணக்கில் குழுக்களில் சுற்றும். '3 நாள் மட்டும்' என்று இருந்தால் அடுத்த வாரம் ஒருவர் போனை நீட்டி 'இதில் போட்டிருக்கிறதே' என்பார், அவர் மேல் தப்பே இல்லை. தேதி, கிழமை, வருஷம் மூன்றும் எழுதினால் அந்த வாக்குவாதம் எழாது.

பாக்கெட் தீர்ந்துபோவதுதான் அன்பளிப்பின் பெரிய ஆபத்து. நாளைக்கு 80 பில் போட்டு, பாதிப் பேர் 300 ரூபாயைத் தொடுகிறார்கள் என்றால் மூன்று நாளைக்கு 120 பாக்கெட், அதாவது 12 கிலோ பக்கோடா வேண்டும். நான் 15 கிலோ போடச் சொல்வேன். 'இருப்பு உள்ளவரை' என்று கேப்ஷனில் எழுதித் தப்பிப்பதைவிட, தீர்ந்துவிட்டால் பில்லின் பின்பக்கம் கடை முத்திரை போட்டுக் கொடுத்து, மறுநாள் வந்து வாங்கிக்கொள்ளச் சொல்வது மரியாதை. கல்லாவில் நிற்கும் பையனுக்கும் இதை முந்தின நாளே சொல்லி வைக்க வேண்டும்.

இதையெல்லாம் சேர்த்து நான் போடச் சொல்லும் வாசகம் இது:

"நன்றி! நாலு முறுக்கானாலும் ரெண்டு கிலோ அதிரசமானாலும் எங்களிடமே வந்தீர்கள். கடைக்கு 5 வயது ஆகிவிட்டது.

2026 ஜூன் 12 வெள்ளி முதல் 14 ஞாயிறு வரை, கடைக்கு நேரில் வந்து 300 ரூபாய்க்கோ அதற்கு மேலோ வாங்கினால் 100 கிராம் ரிப்பன் பக்கோடா எங்கள் அன்பளிப்பு. ஒரு குடும்பத்துக்கு ஒரு பாக்கெட். அன்று தீர்ந்துவிட்டால் முத்திரை போட்ட பில்லோடு மறுநாள் வந்து வாங்கிக்கொள்ளுங்கள்."