வெபினாரா, மீட்டிங்கா? 250 பிள்ளைகளுக்குச் செமினார் வைக்கிறவர்களுக்கு

களுவாஞ்சிக்குடிப் பக்கத்தில் ஒரு பழைய மாணவர் சங்கம், உயர்தரப் பரீட்சைக்கு முன் உயிரியல் செமினார் ஒன்றை சூமில் வைக்கப் போகிறது என்று எடுத்துக்கொள்வோம். வாகரையில் இருந்து திருக்கோவில் வரை 250 பிள்ளைகள் வருவார்கள். வளவாளர்கள் மூன்று பேர்: ஒருவர் வந்தாறுமூலையில், ஒருவர் லண்டனில், ஒருவர் டொரொண்டோவில். யூலை மாதத்தில் இங்கே மாலை 6.30 என்றால் லண்டனில் பிற்பகல் 2 மணி, டொரொண்டோவில் காலை 9 மணி. நேரம் எல்லாருக்கும் ஒத்துவரும். அதற்குப் பிறகுதான் குழுவுக்குள் வழக்கமான கேள்வி எழும்பும்: இதை மீட்டிங்காக வைப்பதா, வெபினாராக வைப்பதா?

முதலில் காசு. இலவசக் கணக்கில் 100 பேர், 40 நிமிடம். அது இங்கே உதவாது. Pro கணக்கு எடுத்தாலும் மீட்டிங்கில் 100 பேருக்குத்தான் இடம். அதற்கு மேல் வருகிற பிள்ளை வெளியில் நிற்கும். ஆகவே 250 பேருக்கு ஒன்றில் பெரிய மீட்டிங்குக்கான மேலதிக உரிமம் வேண்டும், அல்லது வெபினார் உரிமம் வேண்டும். இரண்டும் Pro கணக்கின் மேல் தனியாக வாங்குபவை. "மீட்டிங் சும்மா, வெபினார் செலவு" என்ற பேச்சு 100 பேர் வரைக்கும்தான் சரி. அந்த எண்ணிக்கையைத் தாண்டியவுடன் எது வேலைக்கு உதவும் என்பதைப் பார்த்து முடிவெடுக்கலாம்.

பதிவு வசதி இரண்டிலும் இருக்கிறது. இதை வெபினாருக்கு மட்டும் உரியது என்று நினைத்து அதை வாங்கியவர்களும் உண்டு. காசு கட்டிய கணக்கில் மீட்டிங்கை அட்டவணைப்படுத்தும்போது Registration பெட்டியில் சரி போட்டால் போதும். நிரந்தரமான Personal Meeting ID-ஐ மட்டும் இதற்குப் பாவிக்க முடியாது. பெயர், மின்னஞ்சல் தவிர பாடசாலை, பரீட்சை ஆண்டு என்று நமக்குத் தேவையான கேள்விகளையும் படிவத்தில் சேர்க்கலாம்.

எந்தப் பக்கம் போனாலும் இரண்டு விடயங்களைக் கவனிக்க வேண்டும். ஒன்று, அனுமதி தானாகவே போகட்டும். நீங்கள் ஒவ்வொருவராக அனுமதிக்கும் முறையை வைத்தால் உள்ளே வரும் இணைப்பு மின்னஞ்சலில் மட்டும்தான் போகும். நம்முடைய பிள்ளைகள் வட்ஸ்அப்பில் வாழ்கிறவர்கள். போன் வாங்கிய அன்று கடைக்காரத் தம்பி திறந்து கொடுத்த மின்னஞ்சலுக்குக் கடவுச்சொல்லே தெரியாத பிள்ளைகளும் இருக்கிறார்கள். தானியங்கி அனுமதி என்றால் படிவத்தை நிரப்பி முடித்த உடனே அந்தத் திரையிலேயே இணைப்பு தெரியும், அதைச் சேமித்துக்கொள்ளச் சொல்லலாம். மற்றது, ஒரு பதிவு இணைப்பைப் பல கருவிகளில் பாவிக்க விடும் தெரிவை எடுத்துவிடுங்கள். இல்லையென்றால் ஒரு பிள்ளை தன்னுடைய இணைப்பை வகுப்புக் குழுவில் போட, ஒரே பெயரில் பத்துப் பேர் வந்து நிற்பார்கள். வரவுப் பதிவை நம்பிச் சான்றிதழ் கொடுக்க நினைத்திருந்தால் அது அத்தோடு சரி.

உண்மையான வித்தியாசம் உள்ளே வந்த பிறகுதான் தெரியும். மீட்டிங்கில் வந்தவர் எல்லாரும் ஒரே தரம்: மைக் உண்டு, கமரா உண்டு, மற்றவரின் பெயர் தெரியும். நீங்கள்தான் ஒவ்வொன்றாகப் பூட்ட வேண்டும். Host tools பகுதிக்குப் போய் திரை பகிர்தல், பெயர் மாற்றுதல், மைக்கைத் தாமே திறத்தல், வீடியோ தொடங்குதல் ஆகிய நான்கிலும் சரியடையாளத்தை எடுத்துவிட்டால் பெரும்பாலான குழப்பம் அடங்கிவிடும். ஆனால் பங்குபற்றுவோர் பட்டியல் எல்லாருக்கும் திறந்தே கிடக்கும். பெண்பிள்ளைகளின் பெயரைப் பட்டியலில் பார்த்துத் தனியாகச் செய்தி அனுப்பத் தொடங்குகிற ஆட்களும் இருப்பதால், சட்டில் தனிச் செய்தியையும் மறக்காமல் நிறுத்த வேண்டும். Waiting Room வைத்தால் இன்னொரு தொல்லை. சிக்னல் விழுந்து விழுந்து வருகிற வாகரைப் பிள்ளை ஒவ்வொரு தடவையும் வாசலில் நின்று, யாராவது திறந்துவிடும் வரை காத்திருக்க வேண்டும்.

வெபினாரில் பூட்டு முதலிலேயே போட்டுத்தான் இருக்கும். பார்வையாளருக்குக் கமராவே இல்லை, மற்றப் பார்வையாளர்களின் பட்டியலும் தெரியாது. பேசுகிறவர்கள் panelist என்ற தனித் தரத்தில் வருவார்கள். அவர்களின் பெயரையும் மின்னஞ்சலையும் நீங்கள் முன்கூட்டியே கொடுக்க, ஒவ்வொருவருக்கும் தனி இணைப்புப் போகும். அந்த இணைப்பு யாருடைய கைக்குப் போனாலும் அவர் மேடையில்தான் ஏறுவார். எனவே அதைப் பொதுக் குழுவில் போடவே கூடாது.

பிழை நடக்கிற இடமும் இதுதான். டொரொண்டோ சேர் தன்னுடைய மின்னஞ்சலைத் தேடக் களைத்து, பிள்ளைகளுக்கு அனுப்பிய பொது இணைப்பில் பதிந்து உள்ளே வந்துவிடுவார். பிறகு போனில் எடுத்து, "தம்பி, எனக்கு மைக் பட்டனே இல்லையே?" என்பார். அந்த ஒரு வசனத்தைக் கேட்டவுடன் அவர் பார்வையாளராக இருக்கிறார் என்று விளங்கிக்கொள்ளலாம். பார்வையாளர் பட்டியலில் அவர் பெயரைத் தேடி Promote to Panelist கொடுத்தால் சில விநாடியில் மேடைக்கு வந்துவிடுவார்.

Practice Session தெரிவையும் போட்டு வையுங்கள். வளவாளர்கள் அரை மணித்தியாலம் முதலே வந்து மைக், ஸ்லைட் எல்லாம் பார்க்கலாம். பிள்ளைகளுக்கு ஒன்றும் தெரியாது. Start Webinar பட்டனை அழுத்தும் வரை அப்படித்தான் இருக்கும். வரவேற்புரை முடிந்தும் பார்வையாளர் எண்ணிக்கை பூச்சியத்திலேயே நின்றால், அந்தப் பட்டனை யாரும் அழுத்தவில்லை என்று அர்த்தம்.

பிள்ளை கேள்வி கேட்பதற்கு வெபினாரில் இரண்டு வழி. கையை உயர்த்தினால் Allow to Talk கொடுக்கலாம். குரல் மட்டும் வரும், முகம் வராது. முகமும் வேண்டுமென்றால் Promote to Panelist. ஆனால் அதைக் கொடுக்கும்போது பிள்ளை ஒரு கணம் வெளியே போய்த் திரும்ப வரும். சிக்னல் குறைந்த ஊரில் அந்த ஒரு கணமே போதும், திரும்பி வராமல் விடுவதற்கு. நான் என்றால் மாணவர்களுக்கு Allow to Talk தவிர வேறொன்றும் கொடுக்கமாட்டேன்.

எழுத்துக் கேள்விக்கு Q&A பகுதி. இப்போது இது மீட்டிங்கிலும் கிடைக்கிறது. ஆனால் வெபினாரில்தான் அது இயல்பாகப் பொருந்துகிறது. பெயர் காட்டாமல் கேட்க விட்டால், 250 பேருக்கு முன் "ஒடுக்கற்பிரிவு எனக்கு முதலில் இருந்தே விளங்கவில்லை" என்று சொல்லக் கூசுகிற பிள்ளையும் கேட்கும். குறும்புக் கேள்வியும் வரத்தான் செய்யும். பதில் கொடுத்த கேள்விகள் மட்டும் மற்றவர்களுக்குத் தெரியும்படி வைத்தால் அது உங்களோடு நின்றுவிடும். இதற்கென்றே ஒருவரை இருத்துங்கள். பாடம் எடுக்கிற சேர் கேள்வியையும் பார்த்துக்கொண்டு படிப்பிக்க முடியாது.

ஆகவே இந்தச் செமினாருக்கு வெபினார்தான் என்பது என் முடிவு. மூன்று பேர் பேச, 250 பேர் கேட்கிற நிகழ்ச்சிக்கு மீட்டிங்கைப் பூட்டிப் பூட்டி வெபினார் ஆக்குவது வீண் வேலை.

ஆனால் அடுத்த வாரம் அதே பிள்ளைகளுக்குக் கடந்தகால வினாத்தாள் செய்விப்பது என்றால் வெபினாரைத் தொடவே வேண்டாம். பிள்ளைகளைச் சிறு குழுக்களாகப் பிரித்து விடுகிற breakout room அதில் இல்லை. பிள்ளை எழுதிய விடையைக் கமராவுக்கு முன் பிடித்துக் காட்டவும் வழியில்லை. அதற்கு 40 பேர் வீதம் பிரித்து, பதிவோடு சாதாரண மீட்டிங் வைத்தால் போதும். Pro கணக்கின் 100 பேர் எல்லைக்குள் அடங்கும், மேலதிக உரிமம் தேவையில்லை. வெபினாரின் attendee report-இல் யார் எத்தனை நிமிடம் இருந்தார்கள் என்று இருக்கும். எந்தப் பிள்ளையை எந்தக் குழுவில் போடுவது என்று பிரிக்கும்போது அதையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.