அட்ஜெக்டிவ் வரிசை: வாய்ப்பாடா, காதா, பின்னாலிருந்து எண்ணுவதா?

கலைத்துப் போட்ட சொற்களை ஒழுங்காக அடுக்கச் சொல்லும் ஆங்கிலக் கேள்வியில் எழுவாயையும் வினைச்சொல்லையும் பெரும்பாலோர் பிடித்துவிடுவார்கள். சிக்குவது பெயர்ச்சொல்லுக்கு முன்னால் மூன்று நான்கு அட்ஜெக்டிவ்கள் குவிந்து கிடக்கும் இடத்தில்தான். ‘பிக்’ முதலில் வருமா, ‘ஓல்ட்’ முதலில் வருமா? ‘பிரவுன்’ எங்கே போகும்? இதைத் தீர்க்க மூன்று வழிகள் புழக்கத்தில் இருக்கின்றன. எட்டு எழுத்து வாய்ப்பாட்டை மனப்பாடம் செய்வது ஒன்று. வாய்க்குள் சொல்லிப் பார்த்துக் காதை நம்புவது இன்னொன்று. பெயர்ச்சொல்லில் தொடங்கிப் பின்னோக்கி நகர்வது மூன்றாவது. மாலை வகுப்பில் மூன்றையும் சொல்லிக் கொடுத்துப் பார்த்திருக்கிறேன். என் ஓட்டு மூன்றாவதற்கு. ஆனால் அது மட்டும் போதாது.

வாய்ப்பாட்டின் பெயர் ஓஸாஸ்காம்ப். ஒபீனியன், சைஸ், ஏஜ், ஷேப், கலர், ஆரிஜின், மெட்டீரியல், பர்ப்பஸ் என்ற எட்டுச் சொற்களின் முதலெழுத்துகள். தமிழில் சொன்னால் கருத்து, அளவு, வயது, வடிவம், நிறம், பிறப்பிடம், செய்பொருள், பயன். எந்தப் பயிற்சிக் கையேட்டைத் திறந்தாலும் இது இருக்கும். எழுதிப் போட்டு அடுக்கினால் விடை வந்துவிடும் என்பதால் மாணவர்களுக்கும் பிடிக்கும்.

இதில் முதல் தொல்லை எழுத்துகளிலேயே இருக்கிறது. எட்டு எழுத்தில் ‘ஓ’ இரண்டு முறை வருகிறது, ‘எஸ்’ இரண்டு முறை வருகிறது. தேர்வுப் பதற்றத்தில் முதல் ‘எஸ்’ சைஸா, ஷேப்பா என்று குழம்பியவர்களைப் பார்த்திருக்கிறேன். அதைவிடப் பெரிய தொல்லை, சொல்லை எந்தப் பெட்டியில் போடுவது என்பது. ‘தின்’ என்பது அளவா, வடிவமா? ‘சாஃப்ட்’ எதில் சேரும்? வாய்ப்பாடு பெட்டிகளைத் தருகிறது. எதை எதில் போடுவது என்று சொல்வதில்லை.

அப்புறம், வாய்ப்பாடே ஒன்றுதானா என்றால், அதுவும் இல்லை. ஓஸாஸ்காம்ப் வயதை வடிவத்துக்கு முன்னால் வைக்கிறது. கேம்பிரிட்ஜ் அகராதியின் இலக்கணப் பக்கமும் பிரிட்டிஷ் கவுன்சிலின் பட்டியலும் வடிவத்தை வயதுக்கு முன்னால் வைக்கின்றன. ஆக, ‘ஓல்ட் ரவுண்ட் டேபிள்’, ‘ரவுண்ட் ஓல்ட் டேபிள்’ இரண்டுக்கும் ஆதாரம் காட்ட முடியும். கேள்வி தயாரிப்பவர்களில் விவரம் தெரிந்தவர்கள் இந்த இரண்டையும் ஒரே கேள்வியில் எதிரெதிராக நிறுத்த மாட்டார்கள். நிறுத்திவிட்டால், அந்தத் தேர்வுக்கென்று சொல்லப்பட்ட பாடநூலில் உள்ள வரிசையைப் பின்பற்றுவதைத் தவிர வேறு வழியில்லை.

அடுத்தது காது. ஆங்கிலத்திலேயே வளர்ந்தவர்கள் வாய்ப்பாட்டைக் கேள்விப்பட்டிருக்கக்கூட மாட்டார்கள். தப்பான வரிசை அவர்கள் காதில் உறுத்தும், அவ்வளவுதான். நமக்கு அந்த வசதி இல்லை என்று பலர் ஒதுக்கிவிடுகிறார்கள். பாதிதான் உண்மை. தமிழ்க் காதே நமக்குப் பாதி வேலையைச் செய்துகொடுக்கும்.

ஒரு புடவையை எடுத்துக்கொள்ளுங்கள். ‘அழகான பழைய சிவப்பு காஞ்சிபுரம் பட்டுப் புடவை’ என்று சொல்கிறோம். ‘பட்டு காஞ்சிபுரம் சிவப்புப் புடவை’ என்று யாரும் சொல்வதில்லை. கருத்து, வயது, நிறம், ஊர், செய்பொருள் என்று அப்படியே ஆங்கில வரிசையில் நிற்கிறது: ‘எ பியூட்டிஃபுல் ஓல்ட் ரெட் காஞ்சிபுரம் சில்க் சாரி’. தமிழிலும் பெயரடை பெயருக்கு முன்னால்தான் வரும் என்பதால் இந்த ஒப்புமை நன்றாகவே உதவுகிறது. பெயருக்கு நெருக்கமான கடைசி இரண்டு மூன்று சொற்களில் இது பெரும்பாலும் கைவிடாது.

கைவிடும் இடங்களையும் சொல்லிவிடுகிறேன். தமிழில் ‘பெரிய பழைய வீடு’ என்றாலும் சரி, ‘பழைய பெரிய வீடு’ என்றாலும் சரி, காதுக்கு உறுத்தாது. ஆங்கிலத்தில் ‘பிக் ஓல்ட் ஹவுஸ்’தான் வழக்கமான வரிசை. ‘அழகான மூன்று வீடுகள்’, ‘அழகான என் வீடு’ என்று தாராளமாகச் சொல்கிறோம். ஆங்கிலத்தில் எண்களும், ‘மை’, ‘ஹர்’ போன்ற சொற்களும் எல்லா அட்ஜெக்டிவ்களுக்கும் முன்னால் போய் நின்றுவிடும்: ‘மை த்ரீ பியூட்டிஃபுல் ஹவுசஸ்’. அதே புடவையைக் கல்யாணத்துக்கு எடுத்தால் நாம் ‘கல்யாணப் பட்டுப் புடவை’ என்போம், ஏனென்றால் பட்டுப் புடவை நமக்கு ஒரே சொல் மாதிரி. ஆங்கிலத்தில் பயன்தான் பெயரை ஒட்டி நிற்கும்: ‘சில்க் வெட்டிங் சாரி’. தமிழ்க் காதை நம்பி ‘வெட்டிங் சில்க் சாரி’ என்று எழுதினால் மதிப்பெண் போய்விடும்.

படம் பார்த்து வளர்த்த ஆங்கிலக் காதுக்கும் ஒரு கண்ணி உண்டு. கதைகளில் வரும் ஓநாய் ‘பிக் பேட் வுல்ஃப்’. கருத்துச் சொல்லான ‘பேட்’ முன்னால் வர வேண்டும் என்று விதி சொன்னாலும், அந்தத் தொடர் அப்படியே உறைந்துவிட்டது. ‘பிக் அக்லி’ என்றும் பேச்சில் சகஜமாக வரும். அந்த ஞாபகத்தோடு தேர்வில் அளவைக் கருத்துக்கு முன்னால் வைத்தால் சிக்கல்தான். வினாத்தாள் எதிர்பார்ப்பது பாடப்புத்தக வரிசையை.

சரி, மூன்றாவது வழி. பெயர்ச்சொல்லில் கையை வைத்துக்கொண்டு, ‘எதை எடுத்தால் இது வேறு வகைப் பொருளாக ஆகிவிடும்?’ என்று கேட்க வேண்டும். ‘ஸ்லீப்பிங் பேக்’ என்பதில் ‘ஸ்லீப்பிங்’கை எடுத்தால் மிஞ்சுவது வெறும் பை. அதனால் அது பெயரை ஒட்டி நிற்கும். அடுத்து, அது எதனால் செய்தது? அதற்கும் முன்னால், எங்கிருந்து வந்தது, என்ன நிறம்? பெயரிலிருந்து தள்ளிப் போகப் போக, பொருளோடு ஒட்டாத, சொல்பவரைச் சார்ந்த சொற்கள் வரும். கடைசிக் கேள்வி எளிது: பக்கத்து வீட்டுக்காரர் இதை மறுக்க முடியுமா? ‘லெதர்’ என்பதை அவர் மறுக்க முடியாது. ‘அக்லி’ என்பதைத் தாராளமாக மறுப்பார். மறுக்கக்கூடியது முன்னால் போகும். சொற்களை எட்டுப் பெட்டிகளில் பிரிக்கத் தேவையில்லாமல் இந்த வழி பெரும்பாலான கேள்விகளைத் தீர்த்துவிடும்.

வாய்ப்பாடு தோற்று இது ஜெயிக்கும் ஓர் இடம் உண்டு. ‘கிரீன்’, ‘ஜாப்பனீஸ்’, ‘டீ’ மூன்றையும் அடுக்கச் சொன்னால் ஓஸாஸ்காம்ப் நிறத்தை முன்னால் வைத்து ‘கிரீன் ஜாப்பனீஸ் டீ’ என்று கொடுக்கும். கடையில் வாங்குவது ‘ஜாப்பனீஸ் கிரீன் டீ’. இங்கே ‘கிரீன்’ நிறத்தைச் சொல்லவில்லை. தேநீரின் வகையைச் சொல்கிறது. அதை எடுத்துவிட்டால் அது வேறு தேநீர். பெயரிலிருந்து கேட்டுக்கொண்டு வந்தவருக்கு இது முதல் கேள்வியிலேயே தெரிந்துவிடும். ‘ரெட் வைன்’ விஷயமும் இதே கதைதான்: ‘ஆஸ்திரேலியன் ரெட் வைன்’.

ஆனால் அளவு, வயது இரண்டும் அடுத்தடுத்து வந்தால் இந்த வழி திணறும். பெரியது என்பதும் பழையது என்பதும் பொருளோடு ஒட்டிய அளவில் ஏறக்குறைய ஒன்றுதான். எதுவும் வகையை மாற்றாது. அங்கே மட்டும் வாய்ப்பாட்டின் ஒரு துண்டு தேவைப்படும்: அளவு, வயது, நிறம். மூன்று சொல்தான், எட்டு எழுத்து வேண்டாம்.

ஒரு கேள்வியைப் போட்டுப் பார்ப்போம். ‘ஹீ கேரீட்’ என்று வாக்கியம் தொடங்குகிறது. மீதிக்கு நான்கு விடைகள்:

1. அன் ஓல்ட் அக்லி பிக் பிரவுன் லெதர் பேக்
2. அன் அக்லி பிக் பிரவுன் ஓல்ட் லெதர் பேக்
3. அன் பிக் அக்லி ஓல்ட் பிரவுன் லெதர் பேக்
4. அன் அக்லி பிக் ஓல்ட் பிரவுன் லெதர் பேக்

முதலில் பார்க்க வேண்டியது அட்ஜெக்டிவே இல்லை, ‘அன்’. அதற்கு அடுத்த சொல் உயிரொலியில் தொடங்க வேண்டும். ‘அன் பிக்’ என்று வராது, மூன்றாவது காலி. பலர் இந்தச் சின்னச் சொல்லைக் கவனிக்காமல் அட்ஜெக்டிவ்களோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பார்கள். பேச்சில் ‘பிக் அக்லி’ சகஜம் என்று காது சொன்னாலும், இங்கே ‘அன்’ அதை வெட்டிவிடுகிறது.

இனிப் பின்னாலிருந்து. எல்லா விடையிலும் ‘லெதர் பேக்’ ஒன்றாகவே இருக்கிறது, அதனால் அது எதையும் பிரிக்காது. ஓர் அடி முன்னால் போனால், இரண்டாவதில் ‘லெதர்’க்கு முன்னால் ‘ஓல்ட்’ நிற்கிறது, மற்றதில் ‘பிரவுன்’. தமிழில் சொல்லிப் பாருங்கள்: ‘பழுப்புத் தோல் பை’ சேர்ந்து நிற்கிறது, ‘பழுப்புப் பழைய தோல் பை’ கொஞ்சம் தடுக்குகிறது. வயது, நிறம் என்ற துண்டும் அதையே சொல்கிறது. இரண்டாவது போயிற்று.

மிஞ்சியது முதலாவதும் நான்காவதும். ‘ஓல்ட்’, ‘அக்லி’ இரண்டுமே உயிரொலியில் தொடங்குவதால் ‘அன்’ இதற்கு மேல் உதவாது. தமிழ்க் காதும் உதவாது. ‘பழைய அசிங்கமான பெரிய பை’ நம் காதில் உறுத்துவதில்லை. பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட வேண்டியதுதான். பை பழசு என்பதை அவர் ஒப்புக்கொள்வார், அசிங்கம் என்பதை மறுக்கலாம். ஆகவே ‘அக்லி’ முன்னால். விடை நான்கு.

இதே கேள்வியில் ‘அன்’னுக்குப் பதில் ‘எ’ இருந்திருந்தால் ‘அக்லி’யும் ‘ஓல்ட்’டும் முதலில் நிற்க முடியாது. ஆறு சொல்லில் அந்த இடத்துக்கு வாய்ப்புள்ளது ‘பிக்’ மட்டும். ‘எ பிக் அக்லி ஓல்ட் பிரவுன் லெதர் பேக்’ என்று, விதியை மீறிய அந்தப் பேச்சு வழக்கே விடையாக வந்து நிற்கும்.