ஸ்லைடு சார்ட்டர்: வரிசை மாற்ற நல்லது, வாசிக்கத்தான் விடமாட்டேன் என்கிறது

கூடப் பணிபுரியும் தோழி ஒருவர் போன வாரம் கேட்டார்: "சின்னச் சின்னப் படமா வருமே, அந்த வியூவுல என்னதான் பண்றீங்க மேடம்? இடது பக்கத்துலயே ஸ்லைடை இழுத்துப் போட்டுடலாமே?" நியாயமான கேள்வி. பத்துப் பன்னிரண்டு ஸ்லைடு இருக்கும் கோப்புக்கு அவர் சொல்வதே போதும். பவர்பாயிண்டில் எல்லா ஸ்லைடுகளையும் சின்னப் படங்களாக அடுக்கிக் காட்டும் அந்த ஸ்லைடு சார்ட்டரைப் பல வருடங்களாகப் பயன்படுத்துகிறவள் என்ற முறையில் அவருக்குச் சொன்னதைக் கொஞ்சம் விரிவாக இங்கே எழுதுகிறேன். பாராட்டும் இருக்கும், கோபமும் இருக்கும்.

எனக்கு இது நிஜமாகவே தேவைப்படுவது கல்லூரிகளின் தரத்தை மதிப்பிடும் நாக் அமைப்பின் ஆய்வுக் குழுவுக்கு எங்கள் துறை தரும் விளக்கவுரை மாதிரியான கோப்புகளுக்குத்தான். கிரைட்டீரியா எனப்படும் மதிப்பீட்டுத் தலைப்புகள் ஏழு, ஏழு ஆசிரியர்கள், ஏழு கோப்புகள். எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்தபோது 83 ஸ்லைடுகள் வந்தன. பேசக் கிடைத்த நேரம் இருபது நிமிடம். இடது பக்கப் பட்டையில் ஒரு நேரத்தில் ஆறேழு ஸ்லைடுதான் தெரியும். 71-ஆவது ஸ்லைடை 9-ஆவது இடத்துக்குக் கொண்டுவர அதில் இழுத்துக்கொண்டே போனால், பட்டை நம் கைக்கு அடங்காத வேகத்தில் ஓடும்; எங்கே விட்டோம் என்று பிறகு தேட வேண்டியிருக்கும்.

சார்ட்டரில் அந்தத் தொல்லை இல்லை. View தாவலில் Slide Sorter என்று இருக்கும். விண்டோஸில் Alt, W, I என்று வரிசையாக அழுத்தினாலும் வரும். உள்ளே போனதும் நான் முதலில் செய்வது, Ctrl-ஐப் பிடித்துக்கொண்டு மவுஸ் சக்கரத்தை உருட்டி எல்லாவற்றையும் சிறிதாக்குவது. திரையில் கோப்பு முழுவதும் தெரிய வேண்டும். அப்போதுதான் அது கண்ணுக்குப் பிடிபடும். எழுத்துகள் மறைந்து வடிவம் மட்டும் மிஞ்சும்: எங்கே பத்திபத்தியாக எழுதித் தள்ளியிருக்கிறார்கள், எங்கே ஒரே பார் சார்ட் மூன்று இடத்தில் வருகிறது, எங்கே வரிசையாகப் புகைப்படம் மட்டும் என்று ஒரே பார்வையில் தெரிந்துவிடும். எங்கள் கோப்பில் வேலைவாய்ப்பு வரைபடம் ஒன்றே துறை அறிமுகத்திலும், தேர்ச்சி விகிதத்தோடும், ஐந்தாவது கிரைட்டீரியனிலுமாக மூன்று முறை இருந்தது. மூன்று ஆசிரியர்களும் அவரவர் பகுதிக்கு அது முக்கியம் என்று நினைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு ஸ்லைடாகத் தட்டிப் பார்த்திருந்தால் இது கண்ணில் பட நெடுநேரம் ஆகியிருக்கும்.

அடுத்து, பிரிவுகள். பவர்பாயிண்ட் 2010-இல் வந்த வசதி. ஒரு ஸ்லைடின் மேல் வலது சொடுக்கு போட்டு Add Section கொடுத்தால், அந்த ஸ்லைடிலிருந்து புதிய பிரிவு தொடங்கும். சார்ட்டரில் ஒவ்வொரு பிரிவும் புது வரிசையில் ஆரம்பிப்பதால் எங்கே எது முடிகிறது என்பது தெளிவாகத் தெரியும். ஏழு கிரைட்டீரியாவுக்கும் ஏழு பிரிவு வைத்தேன். பிறகு ஏதாவது ஒரு பிரிவின் பெயரில் வலது சொடுக்கு, Collapse All. 83 ஸ்லைடுகள் இருந்த திரையில் பெயர்கள் மட்டும் நிற்கும். ஒவ்வொன்றின் அருகிலும் அதில் எத்தனை ஸ்லைடு என்ற எண்ணிக்கை. மூன்றாவது கிரைட்டீரியனான ஆராய்ச்சிப் பகுதிக்குப் பக்கத்தில் 22 என்று இருந்ததைப் பார்த்ததுமே கத்திரிக்கோல் முதலில் எங்கே போக வேண்டும் என்று தெரிந்துவிட்டது. அதில் 14 ஸ்லைடுகள் கட்டுரைப் பட்டியல்கள். மடித்து வைத்த பிரிவைப் பெயரைப் பிடித்து மேலே கீழே இழுத்தால் உள்ளே இருக்கும் அத்தனையும் சேர்ந்து நகரும். இதற்காகவே நான் சார்ட்டருக்குக் கடமைப்பட்டிருக்கிறேன்.

இங்கே ஒரு எச்சரிக்கை. வலது சொடுக்கு மெனுவில் Remove Section என்பதும் Remove Section & Slides என்பதும் அடுத்தடுத்து இருக்கின்றன. முதலாவது பிரிவின் பெயரை மட்டும் எடுக்கும். இரண்டாவது ஸ்லைடுகளையும் சேர்த்துத் தூக்கிவிடும். Ctrl+Z திருப்பித் தரும், உண்மைதான். ஆனால் பவர்பாயிண்ட் இயல்பாக 20 படிகளைத்தான் நினைவில் வைத்திருக்கும். வரிசை மாற்றும் வேலையில் இருபது படி கண் மூடித் திறப்பதற்குள் தீர்ந்துவிடும். File, Options, Advanced போய் Maximum number of undos என்பதை 150 வரை உயர்த்தலாம். பெரிய கோப்பில் கை வைக்கும் முன் இதைச் செய்துவிடுவது நல்லது.

குறைக்கும் விஷயத்துக்கு வருகிறேன். "எதையும் அழிச்சிடாதீங்க, குழுவுல யாராவது கேட்டா காட்டணும்" என்பது துறைத்தலைவரின் கட்டளை. அதனால் கடைசியில் 'இருப்பு' என்று எட்டாவது பிரிவு ஒன்றை வைத்தேன். Ctrl-ஐப் பிடித்துக்கொண்டு அங்கங்கே இருக்கும் ஸ்லைடுகளைத் தேர்ந்தெடுத்து ஒன்றை இழுத்தால், தேர்ந்தெடுத்த எல்லாம் பழைய வரிசை மாறாமல் ஒன்றாகச் சேர்ந்து வரும். கட்டுரைப் பட்டியலில் பன்னிரண்டு, ஆய்வகப் படங்களில் பெரும்பகுதி, பயிலரங்கு அறிக்கைகள் எல்லாம் இருப்புக்குப் போயின. பிறகு அந்தப் பிரிவின் பெயரைச் சொடுக்கினால் அதிலுள்ள அத்தனையும் தேர்வாகிவிடும். அப்படியே Hide Slide. மறைத்த ஸ்லைடு மங்கலாகி, எண்ணின் மேல் கோடு விழும். காட்டும்போது பவர்பாயிண்ட் அவற்றைத் தாண்டிப் போய்விடும். யாராவது கேட்டால், நடந்துகொண்டிருக்கும் காட்சியிலேயே ஸ்லைடு எண்ணைத் தட்டி Enter அழுத்தினால் மறைத்தது திரைக்கு வந்துவிடும். முக்கியமான எண்களை ஒரு தாளில் எழுதி மேசையில் வைத்துக்கொண்டேன். ஆனால் மறைத்தது கோப்பை விட்டுப் போய்விடவில்லை என்பதை மறக்கக்கூடாது. கோப்பை வெளியாருக்கு அனுப்புவதாக இருந்தால் நகல் எடுத்து அதிலிருந்து நிஜமாகவே நீக்க வேண்டும். பிடிஎஃப் ஆக மாற்றும்போது Options உள்ளே Include hidden slides குறி இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

கடைசியாக நேரம். Slide Show தாவலில் Rehearse Timings கொடுத்துப் பேசிப் பார்த்து, நேரத்தைச் சேமித்துவிட்டு சார்ட்டருக்குத் திரும்பினால், ஒவ்வொரு ஸ்லைடின் கீழும் அதற்கு எடுத்த நிமிடமும் நொடியும் நிற்கும். எது அதிகம் விழுங்குகிறது என்று கணக்குப் போட வேறு எதுவும் வேண்டாம். எங்கள் கோப்பில் சாதனை அட்டவணை ஒன்று மட்டும் இரண்டரை நிமிடம் தின்றது. அதை இரண்டு வரியாக்கி முந்தைய ஸ்லைடில் சேர்த்தோம். இதைச் செய்தவர்கள் Use Timings குறியை எடுத்துவிட வேண்டும். இல்லையென்றால், நாம் பேசிக்கொண்டிருக்கும்போதே அந்தந்த நேரம் முடிந்ததும் ஸ்லைடுகள் தானாகத் தாவிப் போகும்.

சரி, இப்போது என் கோபம். இத்தனையும் செய்யும் இந்தக் காட்சியில் ஒரே ஒரு எழுத்தைக்கூடத் திருத்த முடியாது. கோப்பு முழுவதும் தெரியும் அளவுக்குச் சிறிதாக்கினால் தலைப்பைப் படிக்க முடியாது. தலைப்பு படிக்கும் அளவுக்குப் பெரிதாக்கினால் திரையில் ஒரு டஜன் ஸ்லைடுதான் தெரியும்; பிறகு இடது பக்கப் பட்டைக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? படத்தின் கீழே எண்ணைப் போடுகிறவர்கள் தலைப்பையும் போடலாமே! வரிசை மாற்றும்போதுதான் தலைப்பு பொருந்தவில்லை என்று தெரியும். திருத்தலாம் என்று இரட்டைச் சொடுக்கு போட்டால் Normal காட்சிக்குத் தள்ளிவிடும். திருத்திவிட்டுத் திரும்பி வரும்போது மனதில் கட்டி வைத்திருந்த வரிசை கலைந்திருக்கும். பிரிவு பிரிவாக 83 ஸ்லைடை யோசிக்கிற வேலையில் இது சின்னத் தடங்கல் இல்லை.

நான் கண்ட மாற்றுவழி, View தாவலில் New Window. ஒரே கோப்பு இரண்டு சன்னல்களில் திறக்கும். ஒன்றில் சார்ட்டர், இன்னொன்றில் Normal. Arrange All கொடுத்தால் பக்கம்பக்கமாக நிற்கும். ஒன்றில் செய்த மாற்றம் உடனே மற்றதில் தெரியும். ஆனால் சார்ட்டரில் ஒரு ஸ்லைடைத் தொட்டால் மற்ற சன்னல் அந்த ஸ்லைடுக்குப் போகாது. எண்ணைப் பார்த்து நாமே போக வேண்டும். மடிக்கணினித் திரையில் இடநெருக்கடி வேறு. துறையில் இருக்கும் பெரிய மானிட்டரை இணைத்தால்தான் வசதிப்படுகிறது. தலைப்புகளை மட்டும் படிக்க Outline View இருக்கிறது. ஆனால் அங்கே ஒரு ஸ்லைடு எண்ணோடு மட்டும் வெறுமையாக நின்றால், தலைப்பே இல்லை, அல்லது தலைப்பை அதற்கான பெட்டியில் அடிக்காமல் தனி டெக்ஸ்ட் பாக்ஸில் அடித்திருக்கிறார்கள் என்று பொருள். ஏழு பேர் செய்த கோப்பில் இப்படி நிறையவே இருந்தன.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஒரே கோப்பில் பல தீம்கள் இருக்கும்போது, தூரத்து ஸ்லைடை இழுக்காமல் Ctrl+X, Ctrl+V போட்டால், ஒட்டிய ஸ்லைடு தனக்கு முன்னால் இருக்கும் ஸ்லைடின் தீமை எடுத்துக்கொள்ளும். நிறமும் எழுத்துருவும் மாறியிருந்தால் அதுதான் காரணம். ஒட்டியதும் வரும் சின்னப் பொத்தானில் Keep Source Formatting கொடுத்தால் சரியாகும். ஒரு ஸ்லைடில் இருக்கும் பொருள் அடுத்ததில் நகர்ந்து உருமாறுவது போலக் காட்டும் Morph போட்ட ஸ்லைடுகளையும் பிரிக்கக்கூடாது. அந்த அசைவு முந்தைய ஸ்லைடில் இருக்கும் அதே பொருளை வைத்துத்தான் நடக்கிறது. நடுவில் வேறொன்று நுழைந்தால், ஒன்று மங்கி இன்னொன்று தோன்றும் சாதாரண Fade போல ஆகிவிடும். "ஸ்லைடு 31-இல் பார்த்தோம்" என்று யாராவது கையால் அடித்திருந்தால் அதையும் எந்தக் காட்சியும் மாற்றித் தராது.

83-இல் காட்டுவதற்கு 26 மிஞ்சியது. பேச்சு இருபது நிமிடத்துக்குள் அடங்கியது. அந்த வேலையை வேறெந்த வழியிலும் ஒரு மாலைக்குள் முடித்திருக்க முடியாது. இருந்தும் தோழிக்கு நான் சொன்ன பதில் இது: முப்பது ஸ்லைடுக்குக் குறைவென்றால் இதைத் திறக்காதீர்கள், இடது பக்கப் பட்டையே போதும். அதற்கு மேல் என்றால், முதலில் Outline View-இல் எல்லாத் தலைப்பையும் சரிசெய்து முடித்துவிட்டு, அப்புறம் சார்ட்டருக்குள் நுழையுங்கள். படத்தின் கீழே தலைப்பைத் திருத்தும் வசதி வரும்வரை நான் இதற்கு ஐந்துக்கு மூன்று மதிப்பெண்ணுக்கு மேல் தரப்போவதில்லை.