நகைக்கடை பில்லில் காப்பு அளவு 2.6 என்று எழுதினால் கவனம்

தங்கச்சியின் கல்யாணத்துக்காக மட்டக்களப்பு நகரில் ஒரு நகைக்கடையில் ஒரு சோடி தங்கக் காப்பு வாங்கினோம். இப்போது அந்தக் காப்பு அவளது கைக்கு ஏறாமல் அலுமாரிக்குள் கிடக்கிறது. காப்பு வாங்கப் போகிறவர்கள் இதை வாசித்துவிட்டுப் போங்கள்.

அவள் கையைச் சரியாகத்தான் அளந்து வந்திருந்தாள். பெருவிரலை உள்ளங்கைப் பக்கம் மடக்கி, சின்ன விரலின் அடியைத் தொடுகிற மாதிரி கையைக் குவித்து, விரல் முட்டிகளும் பெருவிரல் அடி மூட்டும் சேர்ந்து அகலமாக நிற்கும் இடத்தில் தையல் டேப்பைச் சுற்றினாள். காப்பு தாண்ட வேண்டிய இடம் அதுதான். மணிக்கட்டை அளந்து ஒரு பயனும் இல்லை. வலது கை கொஞ்சம் பெரிது என்பதால் அந்த அளவையே எடுத்தாள்: 19.6 சென்ரிமீற்றர்.

கடைப் பையன் கல்குலேட்டரை எடுத்து அதை 3.14 ஆல் வகுத்தார். 62.4 மில்லிமீற்றர் விட்டம் வந்தது. அதை 25.4 ஆல் வகுத்து அங்குலமாக்கினார். 2.46 வந்தது. "அக்கா, 2.46தான். 2.6 எடுத்தால் தாராளம்" என்றார். கணக்கு அதுவரை சரி, கடைசிப் படிதான் பிழை.

காப்பு அளவில் 2.6 என்று எழுதுவது தசமம் அல்ல. அது 2-6, அதாவது 2 அங்குலமும் அதற்கு மேல் பதினாறில் 6 பங்கும். உள்விட்டம் 60.3 மில்லிமீற்றர்தான். 2-4 என்றால் 57.2, 2-8 என்றால் 63.5. தங்கச்சிக்கு வந்த 2.46 இல் புள்ளிக்குப் பிறகு உள்ள 0.46 ஐ 16 ஆல் பெருக்கினால் 7.4 வரும். ஆகவே 2-6 போதாது, அவளுக்கு 2-8 தான் வேண்டும். தினமும் காப்பு விற்கிறவருக்கு இது தெரியாதென்று நான் நம்பவில்லை. அந்த டிசைனில் 2-8 கடையில் இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

போட்டுப் பார்த்தபோது முட்டியில் நின்றுவிட்டது. உடனே லோஷன் போத்தல் வந்தது. கையைப் பூசி, பிசைந்து, அவர் ஒரு தள்ளுத் தள்ள உள்ளே போனது. "தங்கம்தானே, போடப் போட இளகும்" என்றார். இளகாது. கல்யாணக் காப்பு வளையத் தெரிந்த கம்பி அல்ல; அழுத்தினால் வட்டம் கோணுமே தவிரச் சுற்றளவு கூடாது.

வீட்டுக்கு வந்ததும் கழற்ற முடியவில்லை. முட்டி வீங்கிவிட்டது. கையை உயர்த்தி வைத்திருந்து, குளிர்ந்த தண்ணீரில் நனைத்து, மெல்லிய சொப்பிங் பையை காப்புக்கும் தோலுக்கும் இடையில் நுழைத்து, அதன் மேல் வழுக்கி இழுத்துத்தான் எடுத்தோம். காப்பை நேராக இழுக்காமல் ஒரு பக்கம் சரித்து, ஒரு முட்டியைத் தாண்டவிட்டு மற்றப் பக்கத்தை மெல்லச் சுழற்றிக் கொண்டுவர வேண்டும். போடும்போதும் இதே முறைதான்.

மறுநாள் கடைக்குப் போனால், கீறல் விழுந்துவிட்டதாம், பழைய தங்க விலைக்குத்தான் எடுப்பார்களாம். செய்கூலியும் சேதாரமும் போய்விடும். பெரிதாக்கலாம் என்றும் சொன்னார்கள். 2-6 ஐ 2-8 ஆக்க வேண்டுமென்றால் சுற்றளவில் ஏறக்குறைய 1 சென்ரிமீற்றர் கூட வேண்டும். வெட்டி, துண்டு வைத்து ஒட்ட வேண்டும். பூ வேலைப்பாடு அந்த இடத்தில் முறிந்து தெரியும், அதற்கும் காசு நாங்கள்தான் கொடுக்க வேண்டும். பில்லைக் காட்டிக் கேட்டால், "2.6 என்றுதானே எழுதிக் கொடுத்தோம்" என்கிறார்கள். நல்ல கெட்டித்தனம்!

அதனால், கடைக்குப் போகும்போது ஒரு அடிமட்டம் கொண்டு போங்கள். காப்பின் உள் ஓரத்திலிருந்து எதிர் உள் ஓரம் வரை மில்லிமீற்றரில் நீங்களே பாருங்கள். வெளி விட்டத்தைக் காட்டி ஏமாற்றவும் இடமிருக்கிறது: 3 மில்லிமீற்றர் தடிப்புள்ள காப்பில் வெளியும் உள்ளும் 6 மில்லிமீற்றர் வித்தியாசம், அது ஏறக்குறைய இரண்டு அளவு. காப்பு அகலமாக இருந்தால் இன்னும் ஒரு அளவு கூட்டிக் கேளுங்கள். அதைச் சரித்து முட்டிகளை ஒவ்வொன்றாகத் தாண்ட வைக்க முடியாது.

காய்ந்த கையில், லோஷன் இல்லாமல், முட்டியில் லேசாகப் பிடித்து உள்ளே போய், அதே மாதிரி வெளியே வர வேண்டும். கடையில் ஏசி குளிர் இருக்கும். மட்டக்களப்பு வெயிலில் கை கொஞ்சம் ஊதும், அதையும் நினைவில் வையுங்கள். பில்லில் 2.6 என்று விடாமல் "உள்விட்டம் இத்தனை மில்லிமீற்றர்" என்று எழுதச் சொல்லுங்கள். எழுத மறுத்தால் வேறு கடை பாருங்கள். ஏற்கனவே மாட்டிக்கொண்டவர்கள் பில்லோடு நுகர்வோர் விவகார அதிகாரசபைக்கு 1977 என்ற இலக்கத்தில் முறையிடலாம். நாங்களும் முறைப்பாடு கொடுத்திருக்கிறோம்.