கிரகணப் படம் அசலா, ஒட்டா? திசை, நேரம், எக்ஸ்போஷர்: எது உடனே காட்டிக்கொடுக்கும்?

2019 டிசம்பர் 26 அன்று நிகழ்ந்த கங்கண சூரிய கிரகணத்தை எடுத்துக்கொள்வோம். அதே நாளைச் சொல்லி இரண்டு படங்கள் உங்கள் போனுக்கு வருகின்றன என்று வையுங்கள். ஒன்றில் ஸ்ரீரங்கம் ராஜகோபுரத்தின் கலசங்களுக்கு மேலே, கோபுரத்தில் கால்வாசி உயரத்துக்கு ஒரு நெருப்பு வளையம். இன்னொன்றில் கத்தாரின் அல் வக்ரா கடற்கரை; கடலுக்குள்ளிருந்து இரண்டு சிவப்புக் கொம்புகள் எழுகின்றன. கொம்புப் படம்தான் ஒட்டுவேலை என்று பலருக்கும் தோன்றும். ஆனால் அது அசல்.

இதைச் சொல்ல எனக்கு முதலில் கைகொடுப்பது நேரம் அல்ல, திசையும் உயரமும்தான். நேரத்தை அனுப்புகிறவர் மாற்றிச் சொல்லலாம். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் கேமரா பதிந்த நேரக் குறிப்பும் போய்விடும். சூரியன் நின்ற இடத்தை யாராலும் மாற்ற முடியாது. ஸ்டெல்லேரியம் செயலியில் திருச்சியையும், அன்று காலை 9.30-ஐ ஒட்டிய வளைய நேரத்தையும் கொடுத்துப் பாருங்கள். சூரியன் தென்கிழக்கில், அடிவானத்திலிருந்து சுமார் 37 பாகை உயரத்தில் இருக்கும்.

இப்போது கோபுரத்துக்கு வருவோம். உயரம் ஏறக்குறைய 72 மீட்டர். 37 பாகையில் நிற்கும் சூரியன் கலசத்தைத் தொடுவதுபோல் தெரிய வேண்டுமானால், கேமரா கோபுரத்தின் அடியிலிருந்து 100 மீட்டருக்குள் இருந்தாக வேண்டும். அங்கிருந்து உச்சிக்கு நேர்க்கோட்டில் சுமார் 120 மீட்டர். சூரியன் வானத்தில் அடைக்கும் இடம் அரைப் பாகைதான். அதாவது எவ்வளவு தூரத்தில் ஒரு பொருள் இருக்கிறதோ, அதில் ஏறக்குறைய 110-இல் ஒரு பங்கு அகலம்தான் அந்தப் பொருளின் மேல் சூரியனுக்குக் கிடைக்கும். 120 மீட்டருக்கு அது ஒரு மீட்டர் சொச்சம். படத்தில் இருப்பதோ 18 மீட்டர் வளையம்.

“ஜூம் லென்ஸ் போட்டு எடுத்தது” என்று ஒரு பதில் வரும். ஜூம் செய்தால் கோபுரமும் சூரியனும் சேர்ந்தேதான் பெரிதாகும், விகிதம் மாறாது. விகிதம் மாற வேண்டுமானால் ஆள் தள்ளிப்போக வேண்டும். 18 மீட்டருக்கு 2 கிலோமீட்டர் போக வேண்டும். சரி, போகட்டும். ஆனால் அங்கிருந்து பார்த்தால் கோபுர உச்சியே 2 பாகை உயரத்தில்தான் இருக்கும், சூரியன் அதற்கு மிக மேலே நிற்கும். பெரிய சூரியனும் உயர்ந்த சூரியனும் ஒரே கோபுரத்தின் தலையில் சேரவே சேராது. இன்னொன்றும் உண்டு: ராஜகோபுரம் கோயிலின் தெற்கு வாசல். தெற்கு வீதியிலிருந்து கோபுரத்தைப் பார்த்து எடுத்த படம் என்றால், அந்த நேரத்தில் சூரியன் எடுத்தவரின் முதுகுப் பக்கம்.

கத்தாரில் கதை வேறு. அங்கே கிரகணம் பிடித்த நிலையிலேயே சூரியன் உதித்தது. அடிவானத்தில் இருப்பதால் தொலைவிலுள்ள படகுக்குப் பக்கத்தில் எவ்வளவு பெரிதாகத் தெரிந்தாலும் கணக்கு இடிக்காது.

எக்ஸ்போஷரும் இதே தீர்ப்பைத்தான் சொல்கிறது. வளையம் முழுதாக இருக்கும்போதும் சூரியனில் சுமார் 6 சதவீதம் திறந்தே இருக்கிறது. 37 பாகை உயரத்தில் அதைக் கூர்மையாக எடுக்க, ஒளியை லட்சத்தில் ஒரு பங்காகக் குறைக்கும் ஃபில்டர் போடுவார்கள். போட்டால் கோபுரம் கறுப்பாகிவிடும். சுதைச் சிற்பங்களின் நிறமும் வளையத்தின் விளிம்பும் ஒரே சொடுக்கில் தெளிவாக வராது. வளையத்தைச் சுற்றி வெள்ளை ஒளிக்கதிர் விரிந்தால் சந்தேகமே வேண்டாம்: சூரியனின் வெளி வளிமண்டலமான அந்தக் கரோனா முழு கிரகணத்தில்தான் அப்படித் தெரியும். கத்தாரில் உதயநேரக் காற்று மண்டலமே ஃபில்டர் வேலையைப் பார்த்துவிட்டது. ஆனாலும் எக்ஸ்போஷரை நான் இரண்டாவதாகத்தான் வைப்பேன். இரண்டு படங்களை முறையாகச் சேர்த்து, அதைச் சொல்லியே வெளியிடுகிற நேர்மையான கலைஞர்களும் இதில் மாட்டுவார்கள்.

எரிகல் படத்திலும் திசைதான் முந்தும். ஜெமினிட் பொழிவின் கோடுகளைப் பின்னோக்கி நீட்டினால் எல்லாம் மிதுன ராசிப் பக்கம் ஒரே புள்ளியில் கூடும். ஆளுக்கொரு பக்கம் ஓடினால் ஒட்டியது. நேரமும் இங்கே உதவும்: மிகச் சிறந்த வானத்திலேயே நிமிடத்துக்கு இரண்டு, மூன்றுதான். 30 விநாடிப் படம் ஒன்றில் இருபது விழுந்தால் அது பல மணி நேரப் படங்களின் தொகுப்பு.

மின்னலில் மட்டும் திசை ஒன்றும் சொல்லாது. அங்கே எக்ஸ்போஷர்தான் முதலிடம். ஒரே படத்தில் எட்டு மின்னல் இருப்பது பொய்க்கு அடையாளம் அல்ல, அரை நிமிடம் ஷட்டரைத் திறந்து வைத்தால் எட்டும் பதியும். கீழே சாலையைப் பாருங்கள். ஓடும் வண்டிகளின் ஹெட்லைட்டுகள் நீண்ட கோடுகளாக இருந்தால் நம்பலாம். நம்பர் பிளேட் வாசிக்கிற அளவுக்கு ஓடும் வண்டி உறைந்து நின்றால், அந்த எட்டு மின்னலும் அந்தச் சாலைக்குச் சொந்தமில்லை.